தள்ளினாலும் விழாமல் நிற்பது எப்படி?

எட்டாம் வகுப்பில் 42 பிள்ளைகள். விளையாட்டு பீரியட் 40 நிமிடம். கபடியில் காலை நீட்டி எதிராளியைத் தொட்டுத் திரும்பும் அசைவைச் சொல்லித்தர வேண்டும். உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த புதிதில் பிள்ளைகளை ஒரே வரிசையில் நிறுத்துவேன். ஒருமுறை நானே செய்துகாட்டுவேன். பிறகு ஒவ்வொருவராக முன்னால் வந்து செய்ய வேண்டும், நான் பார்த்துத் திருத்துவேன். ஒருவருக்கு 20 விநாடி என்று வைத்தாலும், கடைசிப் பிள்ளை செய்து முடிக்க 14 நிமிடம் ஆகிவிடும். வருகைப்பதிவும் உடலைச் சூடேற்றும் ஓட்டமும் போக மிஞ்சும் நேரத்தில் ஒரு பிள்ளைக்கு இரண்டு முறை வாய்ப்புக் கிடைத்தாலே பெரிது. கூட்டிப் பார்த்தால் ஒரு நிமிடம்கூட வராது. மீதி நேரம் முழுவதும் பிள்ளைகள் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை. நானும் அக்கறையில்லாமல் நடத்தவில்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது, செய்தது சரியா தவறா என்று எல்லாவற்றையும் நான் ஒருவனே முடிவு செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அந்த முடிவுகள் அத்தனையும் என் கண்ணையும் என் வாயையும் கடந்துதான் போக வேண்டும் என்றால், வரிசை நீளத்தான் செய்யும்.

இந்த இடத்தைத்தான் மஸ்கா மாஸ்டன் பிடித்தார். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் உள்ள ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் அவர். தன்னிடம் படித்த ஒரு மாணவர், தன்னால் மாஸ்டனைப் போல வகுப்பெடுக்க முடியாது, அப்படி ஆகவும் விருப்பமில்லை என்று நேராகச் சொன்னதுதான் தன்னைச் சிந்திக்க வைத்தது என்று மாஸ்டன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரியரின் குணத்தையும் கலகலப்பையும் ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், கற்பித்தல் என்ற வேலையில் மிஞ்சுவது என்ன என்ற கேள்வியை அவர் எடுத்துக்கொண்டார். அதற்கு அவர் கண்ட விடை 1966-ல் புத்தகமாக வந்தது. கற்பித்தல் என்பது முடிவுகளின் தொடர். ஒவ்வொரு முடிவையும் ஆசிரியர் எடுக்கிறாரா, மாணவர் எடுக்கிறாரா என்பதைப் பொறுத்துத்தான் ஒரு கற்பித்தல் முறை இன்னொன்றிலிருந்து வேறுபடுகிறது. பிறகு சாரா ஆஷ்வொர்த்துடன் சேர்ந்து அவர் இதை வளர்த்தார். இன்று அதில் மொத்தம் 11 முறைகள் இருக்கின்றன. வானவில்லில் ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் கலந்து போவதுபோல ஒன்றிலிருந்து ஒன்று பிரிவதால் இதற்கு நிறமாலை என்று பெயர்.

ஒவ்வொரு படியிலும் ஒன்று கைமாறுகிறது

பதினொன்றையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு பாடத்தில் எடுக்கப்படும் முடிவுகள் மூன்று வகை. வகுப்புக்கு முன்னால் எடுப்பவை: எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில், எந்தப் பொருளை வைத்து. வகுப்பு நடக்கும்போது எடுப்பவை: எங்கே நிற்பது, எப்போது தொடங்குவது, எவ்வளவு வேகத்தில் செய்வது. செய்த பிறகு எடுப்பவை: அது சரியாக வந்ததா, எதை மாற்ற வேண்டும்.

கட்டளை முறையில் இந்த மூன்றும் ஆசிரியரிடம். அதற்கு அடுத்தது பயிற்சி முறை. என்ன செய்வது என்பதை ஆசிரியர் சொல்லிவிடுவார். இடம், வேகம், எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது போன்றவை பிள்ளையிடம் போய்விடும். அதற்கும் அடுத்த பரஸ்பர முறையில், சரியா தவறா என்று பார்த்துச் சொல்லும் வேலை கூட்டாளியிடம் போகிறது. தன்சோதனை முறையில் அதே வேலையைப் பிள்ளை தனக்குத் தானே செய்துகொள்கிறது. எல்லோரையும் சேர்க்கும் முறையில், எந்த அளவு கடினத்தில் தொடங்குவது என்பதையே பிள்ளை தேர்ந்தெடுக்கிறது. இதுவரை எல்லா முறைகளிலும் விடை ஆசிரியரிடமிருந்தே வந்தது. பிள்ளை அதைத் திரும்பச் செய்தது. அடுத்த படியான வழிகாட்டிக் கண்டறிதலில் ஒரு வாசற்படியைத் தாண்டுகிறோம். அங்கே விடையையே பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும்.

வரிசையைப் பார்த்தால், கட்டளை கீழே இருப்பது, கண்டறிதல் மேலே இருப்பது, நல்ல ஆசிரியர் படிப்படியாக மேலே ஏற வேண்டும் என்று தோன்றும். தொடக்கத்தில் மாஸ்டனின் எழுத்திலேயே அந்தச் சாயல் இருந்தது. பின்னர் அவர் அதைக் கைவிட்டார். எந்த முறையும் இன்னொன்றைவிட உயர்ந்ததல்ல, ஒவ்வொன்றும் வெவ்வேறு பலனைத் தருகிறது என்பதுதான் அவர் கடைசியாக எடுத்த நிலை. கபடியை வைத்தே இதைப் பார்க்கலாம்.

கணுக்கால் பிடிக்கு விசில் வேண்டும்

பாடிவரும் ஆட்டக்காரர் காலை நீட்டும்போது, பிடிப்பவர் உட்கார்ந்த வாக்கில் இரண்டு கைகளாலும் கணுக்காலைப் பிடித்துத் தன் பக்கம் இழுப்பதுதான் கணுக்கால் பிடி. இதில் இரண்டு ஆபத்துகள் உண்டு. பிடிப்பவரின் தலை எதிராளியின் முழங்காலுக்கு நேராக இருந்தால், கால் உதறும் வேகத்தில் முகத்தில் அடிபடும். பிடித்த காலைத் திருகினாலோ, விடச் சொல்லியும் விடாமல் இழுத்தாலோ எதிராளியின் முழங்கால் பாதிக்கப்படும். முதல்முறை சொல்லித்தரும்போது 21 ஜோடிகளும் ஒரே நேரத்தில் ஒரே அசைவைச் செய்ய வேண்டும். நான் சொல்லும் நொடியில் எல்லாக் கைகளும் விடுபட வேண்டும்.

இங்கே கட்டளை முறைதான் சரி. நீட்டிய கால் அசையாமல் இருக்கிறது. “உட்கார்” என்கிறேன். 21 பேர் உட்காருகிறார்கள். தலை வெளிப்பக்கம் இருக்கிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். “பிடி.” இரண்டு எண்ணிக்கை. “விடு.” இழுப்பதை இன்னும் சொல்லவில்லை. விடுவது பழகிய பிறகுதான் இழுப்பது. நான்கைந்து முறை செய்ததும் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள்.

இதற்கு ஐந்து நிமிடம் போதும். மைதானத்தில் கட்டளை முறைக்கென்று உள்ள இடங்கள் இவை: அடிபட வாய்ப்புள்ள முதல் அறிமுகம், குண்டு எறிதலிலும் ஈட்டி எறிதலிலும் எறியும் நேரமும் எடுத்துவரப் போகும் நேரமும், சிலம்பத்தில் கம்பு சுழலும் இடைவெளி, எல்லோரும் ஒரே தாளத்தில் செய்ய வேண்டிய கூட்டு உடற்பயிற்சி. கட்டளை முறை என்றால் அதட்டல் என்று பொருளில்லை. முடிவை ஆசிரியர் எடுக்கிறார், அவ்வளவுதான். குரல் மென்மையாகவே இருக்கலாம்.

இந்த முறை தன் இடத்தைத் தாண்டிப் போய்விட்டது என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. பிள்ளைகள் தங்கள் உடம்பைக் கவனிப்பதை விட்டுவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்துச் செய்யத் தொடங்குவார்கள். அரை நொடி தாமதமாக எல்லாக் கைகளும் உயரும். அப்போது அவர்கள் கற்பதை நிறுத்திவிட்டு, பின்தங்காமல் இருப்பதில் மட்டும் கவனமாக இருக்கிறார்கள்.

மூன்று பேர், ஒரு அட்டை

காலை நீட்டித் தொடும் அசைவுக்கு அந்த ஆபத்து இல்லை. அதற்கு நிறையத் தடவை செய்து பார்ப்பதும், ஒவ்வொரு தடவையும் யாராவது பார்த்துச் சொல்வதும்தான் வேண்டும். 42 பேரை என் இரண்டு கண்களால் பார்க்க முடியாது. ஆனால் வகுப்பில் இன்னும் 42 ஜோடிக் கண்கள் இருக்கின்றன. பரஸ்பர முறை அவற்றைப் பயன்படுத்துகிறது.

இந்த அசைவுக்குத் தொடப்படும் ஆள் ஒருவர் வேண்டும் என்பதால் மூன்று பேர் கொண்ட 14 குழுக்களாகப் பிரிக்கிறேன். ஒருவர் செய்பவர், ஒருவர் நிற்பவர், மூன்றாமவர் பார்வையாளர். பார்வையாளர் கையில் ஓர் அட்டை. அதில் மூன்று வரிகள் மட்டும்: ஊன்றிய காலின் முழங்கால் நன்றாக மடங்கியிருக்கிறதா, நீட்டிய கால் தரையை ஒட்டிப் போகிறதா, தொட்டதும் கால் உடனே திரும்பி வருகிறதா. ஐந்து முறை செய்த பிறகு பார்வையாளர் சொல்ல வேண்டும். பிறகு வேலை மாறும்.

பன்னிரண்டு நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கு நிமிடம் செய்யக் கிடைக்கிறது. பழைய வரிசையில் ஒரு நிமிடம்கூடக் கிடைக்கவில்லை என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பார்வையாளராக இருந்த நான்கு நிமிடமும் வீணில்லை. முழங்கால் மடங்காவிட்டால் கால் தூரம் போகாது என்பதைப் பத்து முறை அடுத்தவரிடம் பார்த்த பிள்ளை, தன் முறை வரும்போது அதைச் செய்கிறது.

இந்த முறையில் ஆசிரியருக்கு ஒரே ஒரு கடினமான விதி உண்டு. அவர் பேச வேண்டியது பார்வையாளரிடம்தான், செய்பவரிடம் இல்லை. இது என்னை மிகவும் படுத்தியது. ஒரு பையனின் முழங்கால் விறைப்பாக இருப்பதைப் பார்த்தால், “மடக்கு” என்ற சொல் வாயிலிருந்து தானாக வந்துவிடும். வந்த நொடியில் பார்வையாளரின் வேலை போய்விடுகிறது. அடுத்த முறையிலிருந்து செய்பவர் என் முகத்தைத்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக, பார்வையாளரின் பக்கத்தில் போய் நின்று, “முதல் வரியில என்ன இருக்கு? அவன்கிட்ட அது வருதா?” என்று கேட்க வேண்டும். அந்தப் பிள்ளை அட்டையைப் பார்க்கும், மறுபடி காலைப் பார்க்கும், பிறகு தானே போய்ச் சொல்லும்.

இன்னும் இரண்டு இடங்களில் இது கெட்டுப்போகும். அட்டையில் எட்டு வரிகள் எழுதினால் பார்வையாளர் படிப்பதிலேயே நேரம் போய்விடும். மூன்று அல்லது நான்கு வரிக்கு மேல் வேண்டாம். “நல்லா நின்னானா” போன்ற வரிகளும் வேண்டாம். கண்ணால் பார்த்து ஆம், இல்லை என்று சொல்லக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். இல்லையென்றால் நண்பன் நண்பனுக்கு எல்லாம் சரி என்று சொல்லிவிடுவான்.

சாய்ந்த கோடு

மாஸ்டன் சொன்ன உதாரணங்களில் மிகவும் பேசப்பட்டது ஒரு கயிறு. உயரம் தாண்டும் பயிற்சிக்குக் கயிற்றைச் சமமாகக் கட்டி, தாண்டியவர்களுக்கு உயரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறோம். தாண்ட முடியாதவர் வெளியே. அதாவது அதிகப் பயிற்சி தேவைப்படும் பிள்ளைதான் முதலில் உட்காரப் போகிறது. இப்போது கயிற்றின் ஒரு முனையைத் தாழ்த்திவிடுங்கள். உயரமான முனையில் தாண்டுகிறவர் அங்கே தாண்டுவார், மற்றவர் தனக்கு முடிகிற இடத்தில் தாண்டுவார். யாரும் வெளியே போக வேண்டியதில்லை.

இதைக் கபடிக்குக் கொண்டுவர கயிறுகூட வேண்டாம். சுண்ணாம்புத் தூளால் தரையில் ஒரு நேர்கோடு போடுகிறேன். அதற்கு எதிரே இன்னொரு கோட்டைச் சாய்வாகப் போடுகிறேன். ஒரு முனையில் இரண்டு கோட்டுக்கும் இடைவெளி 60 செ.மீ., மறுமுனையில் 130 செ.மீ. நேர்கோட்டில் ஒரு காலை ஊன்றி, மறுகாலை நீட்டிச் சாய்ந்த கோட்டைத் தொட்டுவிட்டு, தடுமாறாமல் திரும்ப வேண்டும். எந்த இடத்தில் நிற்பது என்பது அவரவர் முடிவு.

முதல் நாளில் சில வேடிக்கையான தேர்வுகள் நடக்கும். உயரமான பையன் ஒருவன் 60 செ.மீ. முனையில் போய் நின்றான். “நீ அங்கே போய் நில்லு” என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. சொன்னால் நான் கொடுத்த முடிவை நானே திரும்பப் பிடுங்கிக்கொள்வதாகும். அதனால், “இந்த இடம் உனக்குச் சரியா இருக்கா?” என்று மட்டும் கேட்டேன். “இருக்கு சார்” என்றான். விட்டுவிட்டேன். நான்கைந்து முறை எளிதாகச் செய்ததும் அவன் பக்கவாட்டில் நகரத் தொடங்கினான். எதிர்ப்பக்கத்தில், முடியாத இடத்தில் நின்று இரண்டு முறை தடுமாறிய பெண் பிள்ளை ஒரு எட்டு உள்ளே வந்து நின்றாள். இந்த முறையில் கற்பது நீட்டும் திறனை மட்டுமல்ல. தன்னால் எவ்வளவு முடியும் என்று அளந்து பார்ப்பதையும் பிள்ளைகள் கற்கிறார்கள். அந்த அளவு தவறாகும் வாய்ப்பையும் அவர்களுக்குத் தர வேண்டும்.

சொல்லாமல் சொல்லித்தருவது

வழிகாட்டிக் கண்டறிதலை முதன்முதலாக முயன்றபோது எனக்குச் சரியாக வரவில்லை. வகுப்பைச் சுற்றி உட்காரவைத்து, “கபடியில எப்படி நின்னா நல்லது?” என்று கேட்டேன். யாரும் பேசவில்லை. அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. “காலை அகட்டி, முட்டியை மடக்கி நிக்கணும்” என்று நானே சொல்லிவிட்டேன். எல்லோரும் அப்படியே நின்றார்கள். பெயர்தான் கண்டறிதல், நடந்தது கட்டளை. ஒரு கேள்விக்குறியை முன்னால் மாட்டியிருந்தேன், அவ்வளவுதான்.

தவறு இரண்டு. என் கேள்வி மிக அகலமானது. “நல்லது” என்றால் எதற்கு நல்லது என்று பிள்ளைக்குத் தெரியாது. இரண்டாவது, நான் காத்திருக்கவில்லை. மாஸ்டனின் கண்டிப்பான விதி, விடையை ஆசிரியர் சொல்லவே கூடாது என்பது. இன்னொன்று, பதிலுக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது. கேள்விகள் சின்னச் சின்னப் படிகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே விடைதான் இருக்க வேண்டும். அந்த விடை அடுத்த கேள்விக்கு ஏணியாக வேண்டும்.

அடுத்த முறை கேள்விகளை முந்தைய இரவே எழுதினேன். கடைசி விடையிலிருந்து பின்னோக்கி எழுதினேன். பிள்ளைகள் கடைசியில் எதைக் கண்டுபிடிக்க வேண்டும்? உறுதியாக நிற்பதும் சட்டென்று கிளம்புவதும் ஒன்றல்ல, ஒன்று கூடினால் மற்றது குறையும் என்பதை. அதற்கு முந்தைய படி என்ன? அதற்கும் முந்தையது? இப்படி ஆறு கேள்விகள் வந்தன.

மணல் தரையில், ஏறத்தாழ ஒரே எடையுள்ள ஜோடிகளாகப் பிரித்தேன். தள்ளுவது உள்ளங்கையால், தோளில் மட்டும், மெதுவாக.

முதலில் இரண்டு கால்களையும் சேர்த்து நிற்கச் சொன்னேன். கூட்டாளி பக்கவாட்டிலிருந்து தள்ளினார். எல்லோரும் சாய்ந்தார்கள். “பக்கத்துலேர்ந்து தள்ளுனா விழாம இருக்க, காலை எப்படி வைக்கணும்? பேச வேண்டாம், செஞ்சு காட்டுங்க.” சில நொடிகளில் எல்லாக் கால்களும் பக்கவாட்டில் அகன்றன. மறுபடி தள்ளச் சொன்னேன். நின்றார்கள்.

“அப்படியே நில்லுங்க. இப்ப முன்னாலேர்ந்து தள்ளணும்.” அகட்டி நின்றவர்கள் அத்தனை பேரும் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார்கள். சிலர் முகத்தில் ஆச்சரியம். இப்போது கண்டுபிடித்தது உடனே பொய்யாகிவிட்டது. “இப்ப காலை என்ன பண்ணலாம்?” ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நின்றார்கள். ஒரு பெண் மட்டும் இன்னும் அதிகமாகப் பக்கவாட்டில் அகட்டினாள். நான் எதுவும் சொல்லவில்லை. “தள்ளிப் பாரு” என்று கூட்டாளியிடம் சொன்னேன். தள்ளியதும் அவளே காலை மாற்றிக்கொண்டாள்.

இந்த முறை உடற்கல்வியில் தனிப்பலம் பெறுவது இங்கேதான். வகுப்பறையில் ஒரு விடை தவறு என்பதை ஆசிரியர் சொல்லியாக வேண்டும். மைதானத்தில் அதை உடம்பே சொல்லிவிடும். “தள்ளிப் பாரு” என்பதைத் தவிர நான் தீர்ப்பு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. தவறாகச் செய்த பிள்ளைக்கு அவமானமும் இல்லை.

மூன்றாவது கேள்வி: “காலை நகர்த்தக் கூடாது. இன்னும் உறுதியா நிக்க உடம்புல வேற எதை மாத்தலாம்?” இது கொஞ்சம் நேரம் எடுத்தது. மனதுக்குள் பத்து வரை எண்ணிக்கொண்டே நின்றேன். ஒருவன் கைகளை விரித்தான். தள்ளியதும் ஆடினான். இன்னொருவன் முழங்காலை மடக்கித் தாழ்ந்தான். நின்றான். அக்கம்பக்கம் பரவியது. பார்த்துச் செய்தால் அது கண்டறிதலா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 42 பேர் வகுப்பில் ஒவ்வொருவரும் தானாகக் கண்டுபிடிப்பார்கள் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஜோடிகளை ஒருவருக்கொருவர் முதுகு காட்டி, இடைவெளி விட்டு நிறுத்தினால் இது குறைகிறது.

நான்காவது: “முன்னாலேர்ந்துதான் தள்ளப் போறாங்கன்னு முன்கூட்டியே தெரியும். உடம்பு எடையை எந்தப் பக்கம் கொண்டுபோவீங்க?” முன்பக்கம் சாய்ந்து, முன்காலில் எடையைப் போட்டார்கள். தள்ளுவது இப்போது இன்னும் கடினமாகிவிட்டது.

ஐந்தாவது கேள்வியில் திருப்பம். “அதே மாதிரி நில்லுங்க. இப்ப தள்ள வேண்டாம். கையைப் பிடிச்சு மெதுவா முன்னால இழுங்க.” அத்தனை உறுதியாக நின்றவர்கள் லேசான இழுப்பிலேயே முன்னால் வந்துவிட்டார்கள். “ஏன்?” என்று கேட்டேன். ஒரு பையன் யோசித்துச் சொன்னான்: “ஏற்கெனவே பாதி முன்னால போயிட்டோம் சார்.”

அறிவியல் பாடத்தில் இதை வேறு சொற்களில் படிப்பார்கள். நம் உடம்பின் எடை ஒரு புள்ளி வழியாகத் தரையை நோக்கி இறங்குகிறது. இரண்டு பாதங்களும் வளைத்துக்கொண்ட இடத்துக்குள் அது இறங்கும்வரை நாம் விழுவதில்லை. அந்த இடம் அகலமாக இருந்தால் நல்லது, உடம்பு தாழ்ந்திருந்தால் நல்லது. எடை அந்த இடத்தின் ஓரத்துக்கு வந்துவிட்டால், அந்தப் பக்கமாக நகர்வது எளிது, விழுவதும் எளிது. அந்தப் பையன் சொன்னது இதைத்தான். அவன் சொன்ன பிறகு நான் இந்தச் சொற்களைக் கொடுத்தேன். முன்னால் கொடுத்திருந்தால் அவை வெறும் சொற்களாகவே இருந்திருக்கும்.

ஆறாவது: “விசில் அடிச்சதும் முன்னால ஓடணும். எப்படி நிப்பீங்க?” எல்லோரும் எடையை முன்காலின் நுனிக்குக் கொண்டுவந்தார்கள். “இந்த நிலையில உங்களைச் சாய்க்கிறது ஈசியா, கஷ்டமா?” “ஈசி சார்.” அவ்வளவுதான், கண்டுபிடித்துவிட்டார்கள். உறுதியாக நின்றால் கிளம்பத் தாமதமாகும். கிளம்பத் தயாராக நின்றால் எளிதாகச் சாய்க்கலாம். பாடிப் போகிறவர் நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டியவர் என்பதால் எடையை எந்தப் பக்கம் வைத்திருக்க வேண்டும், பிடித்தவர் இழுபடாமல் இருக்க எப்படித் தாழ வேண்டும் என்பதை அதற்குப் பிறகு நான் சொல்லவில்லை. கேட்கக்கூட இல்லை. ஆட்டத்தை விட்டதும் அவர்கள் நிற்கும் விதத்தில் தெரிந்தது.

எங்கே செல்லாது

இதற்கு 12 நிமிடம் ஆனது. கட்டளை முறையில் அதே நிற்கும் நிலையை இரண்டு நிமிடத்தில் காட்டிவிடலாம். ஆகவே நேரத்துக்கு ஏற்ற பலன் இருக்கும் இடத்தில் மட்டும் இதை வைக்க வேண்டும். ஒரு காரணத்தைப் புரிந்துகொண்டால் பல ஆட்டங்களில் பயன்படும் என்ற விஷயங்களுக்கு இது பொருந்தும். நிற்கும் நிலை அப்படிப்பட்டது. வாலிபால் எடுக்க நிற்பவருக்கும் சிலம்பத்தில் அடியைத் தாங்குபவருக்கும் அதே காரணம்தான்.

கபடியில் ஒரு பக்கம் ஏழு பேர், ஒரு பாட்டுக்கு 30 விநாடி போன்றவற்றைக் கண்டறியச் சொல்ல முடியாது. அவை யாரோ வைத்த விதிகள், சொல்லித்தான் ஆக வேண்டும். பிள்ளைக்கு ஏற்கெனவே விடை தெரிந்திருந்தாலும் இந்த முறைக்கு வேலை இல்லை. ஊரில் கபடி ஆடிப் பழகிய பிள்ளை இரண்டாவது கேள்வியிலேயே கடைசி விடையைச் சொல்லிவிடும். அப்படிப்பட்டவர்களை அன்று தள்ளும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வேன். கணுக்கால் பிடியைக் கண்டுபிடிக்கச் சொல்வது ஒருபோதும் கூடாது. அங்கே தவறான விடைக்கு விலை ஒரு முழங்கால்.

இப்போது என் 40 நிமிடம் இப்படிப் போகிறது. வருகைப்பதிவும் உடலைச் சூடேற்றுவதும் 7 நிமிடம், கட்டளையில். நிற்கும் நிலை 12 நிமிடம், கேள்விகளில். காலை நீட்டித் தொடுவது 12 நிமிடம், மூன்று பேர் குழுக்களில். கடைசி 9 நிமிடம் ஆட்டமும் கலைந்து போவதும். கணுக்கால் பிடியும் சாய்ந்த கோடும் அடுத்தடுத்த வாரங்களுக்கு. முறை மாறும்போதெல்லாம் பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: “இனிமே சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன், அட்டை வெச்சிருக்கிறவங்க சொல்லுவாங்க.” இதைச் சொல்லாவிட்டால், பழக்கத்தில் எல்லோரும் என்னிடமே ஓடிவருகிறார்கள்.

நான் உண்மையில் எந்த முறையில் நடத்தினேன் என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி வைத்திருக்கிறேன். அடிபட்டோ உடல்நலம் இல்லாமலோ ஓரமாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு தாளைக் கொடுத்து, “சரி”, “தப்பு”, “இப்படிச் செய்” என்று நான் சொல்லும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்கிறேன். மூன்று பேர் குழுக்கள் நடந்த 12 நிமிடத்தில் முதல்முறை 31 கோடுகள் இருந்தன. அட்டை கொடுத்திருந்தேன், பார்வையாளர் வைத்திருந்தேன், ஆனால் தீர்ப்பை மட்டும் விடவில்லை. போன வாரம் அது 6. அந்த ஆறில் நான்கு, பிள்ளைகள் அட்டையைத் தவறாகப் படித்த இடங்கள். மற்ற இரண்டும் பழக்கதோஷம். அவற்றையும் விட்டாக வேண்டும்.